“அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்று எழுதியும் கோபம் ஏன் கூடுகிறது? புகார் பதிலைச் சரிசெய்யும் வழி

கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் 11 வருடம் பதில் எழுதினேன். இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எழுதும் பதில்களைத் திருத்திக் கொடுக்கிறேன். என் மேசைக்கு வருகிற பதில்களில் மரியாதைக்குக் குறைவே இருப்பதில்லை. “தங்கள்”, “மேலான”, “பணிவன்புடன்” எல்லாம் இருக்கும். ஆனாலும் அதைப் படித்த வாடிக்கையாளர் முன்பைவிடக் கோபமாகத் திரும்ப எழுதுகிறார். எழுதியவருக்கு ஏன் என்றே புரிவதில்லை.

ஒரு பதிலை எடுத்து, அதில் தெரிகிற அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்வோம். முதலில் வந்த புகார். ஊரையும் பெயரையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

“இந்த மாதம் முதல் வாரம் உங்கள் 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் வாங்கினேன். 10 நாள்கூட ஒழுங்காக ஓடவில்லை. அரிசிக்குச் சுற்றுகிறது. உளுந்து கெட்டியாகி வரும்போது டிரம் நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் உறுமுகிறது, ரப்பர் கருகிய வாடை வருகிறது. 12ஆம் தேதி புகார் கொடுத்தேன். 14ஆம் தேதி சனிக்கிழமை ஆள் வருவார் என்றார்கள். காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. 17ஆம் தேதி செவ்வாய் என்றார்கள். அன்றைக்கும் இல்லை. 22ஆம் தேதி மகளுக்கு வளைகாப்பு, வீட்டில் 20 பேர் இருப்பார்கள். பாக்கெட் மாவு வாங்கிச் சமாளிக்கவா கிரைண்டர் வாங்கினேன்?”

இதற்குப் போன பதில்:

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்களது மேலான கடிதம் கிடைக்கப் பெற்றோம். எங்கள் தயாரிப்பின் மீது தாங்கள் கொண்டுள்ள நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி. தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் அதற்காக மிகவும் வருந்துகிறோம். தங்கள் புகார் சம்பந்தப்பட்ட பிரிவின் கவனத்திற்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது. விரைவில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களது பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி.”

அந்த அம்மா ஒரே வரியில் திரும்பக் கேட்டார்: “நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?”

அறிகுறி: “படித்தீர்களா?” என்று கேட்கிறார்கள்

சோதிக்கும் வழி எளிது. பதிலை எடுத்து, மிக்ஸி வாங்கியவருக்கோ சேலை வாங்கியவருக்கோ அனுப்பினால் பொருந்துமா என்று பாருங்கள். மேலே உள்ள பதில் அப்படியே பொருந்தும். கிரைண்டர் என்ற சொல்கூட அதில் இல்லை.

இதற்குத் திருத்தமாகப் பலரும் செய்வது, புகாரை அப்படியே திருப்பிச் சொல்வது: “தாங்கள் 2 லிட்டர் கிரைண்டர் வாங்கியதாகவும், டிரம் நின்றுவிடுவதாகவும், ஆள் வரவில்லை என்றும் தெரிவித்துள்ளீர்கள்.” இது இன்னும் மோசம். அந்த “ஆகவும்” என்ற விகுதியில் ‘நீங்கள் சொல்கிறீர்கள், உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது’ என்ற தொனி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுவது போல ஆகிவிடும்.

செய்ய வேண்டியது வேறு. புகாரில் எது வலிக்கிறது என்று தேட வேண்டும். பொருள் பழுதானதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நினைத்துத்தான் எல்லோரும் படிப்பார்கள். ஆனால் மேலே உள்ள கடிதத்தில் பழுதுக்கு மூன்று நான்கு வரிதான். மிச்சம் முழுவதும் காத்திருந்ததைப் பற்றி. “காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு” என்று மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறார் பாருங்கள், வலி அங்கேதான். மணி, தேதி, எத்தனை தடவை என்ற எண்ணிக்கை ஆகியவற்றை ஒருவர் குறித்து வைத்து எழுதுகிறார் என்றால், அது அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, வீட்டு விசேஷத்தைச் சொல்லும் வரி. அது இரக்கத்துக்காக எழுதப்பட்டதில்லை, அதுதான் அவருடைய கெடு. 22ஆம் தேதிக்கு முன் சரியானால் உதவி, 23ஆம் தேதி சரியானால் அது வெறும் ரிப்பேர்.

ஆக, கெடு பதிலின் முடிவில் வரலாம், முதல் வாக்கியம் காத்திருந்த வலியைத் தொட வேண்டும்: “சனிக்கிழமை நாள் முழுவதும் எங்கள் ஆளுக்காகக் காத்திருந்தீர்கள், அவர் வரவில்லை. செவ்வாயும் அப்படியே ஆனது.” “தெரிவித்துள்ளீர்கள்” வேண்டாம். உங்கள் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, நடந்ததை நடந்தது என்றே எழுதுங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் முதல் வாக்கியம் முக்கியம். இன்று மெயிலானாலும் வாட்ஸ்அப் ஆனாலும் போனில்தான் படிக்கிறார்கள். திறக்கும் முன்னே முதல் வரி மட்டும் திரையில் தெரியும். அந்த இடத்தை “மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, தங்களது மேலான” என்பது அடைத்துக்கொண்டால், இது எல்லோருக்கும் போகிற பொதுப் பதில் என்று திறக்காமலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரிந்திருக்கும்போது “வாடிக்கையாளர் அவர்களே” என்று அழைப்பது, பக்கத்து வீட்டுக்காரரை “அண்டை வீட்டார் அவர்களே” என்று கூப்பிடுவது போலத்தான். “வணக்கம்” என்று சொல்லிப் பெயரை எழுதினால் போதும். மகளுக்கு வளைகாப்பு என்று எழுதியவரை “அம்மா” என்று அழைக்கலாம். வயது தெரியாதவரை அப்படி அழைக்காதீர்கள், பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மன்னிப்புக் கேட்டிருக்கிறோம், ஆனால் கேட்ட மாதிரியே இல்லை

“ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின்” என்ற தொடரைப் பிரித்துப் பாருங்கள். “ஏதேனும்” என்றால் என்னவென்று தெரியாது. “ஏற்பட்ட” என்றால் யாரும் செய்யவில்லை, மழை பெய்தது போலத் தானாக நடந்தது. “இருப்பின்” என்றால் நடந்ததா என்பதே சந்தேகம். மூன்று சொல்லில் மூன்று தடவை கை கழுவியிருக்கிறோம். அதற்குப் பின்னால் “மிகவும்”, “மனமார்ந்த”, “ஆழ்ந்த” என்று எத்தனை அடை சேர்த்தாலும் பயனில்லை.

திருத்தம்: “ஏற்பட்ட” என்ற சொல்லைக் கண்டவுடன் நிறுத்தி, “யார் செய்தது?” என்று கேளுங்கள். இங்கே செய்தது நிறுவனம். ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு அனுப்பவில்லை. அவர் வர முடியாது என்று தெரிந்த பிறகும் போன் செய்து சொல்லவில்லை. இரண்டாவதுதான் பெரிய தவறு. மெக்கானிக்குக்கு வேறு வீட்டில் வேலை இழுத்துவிடுவது எந்தச் சர்வீஸ் சென்டரிலும் நடக்கும். மதியம் 1 மணிக்கு ஒரு போன் போயிருந்தால் அவர் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க மாட்டார். அதனால் மன்னிப்பு இப்படி வர வேண்டும்: “வர முடியாது என்று தெரிந்ததும் உங்களுக்கு ஒரு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எங்கள் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்.”

இது ஒரே தடவை வந்தால் போதும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மூன்று மன்னிப்பு இருந்தால், ஒவ்வொன்றும் மற்றதன் எடையைக் குறைக்கும்.

“வருந்துகிறோம்” என்பதும் “மன்னியுங்கள்” என்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் வருந்துகிறோம் என்றுதான் சொல்வோம், அங்கே நாம் செய்த தவறு எதுவும் இல்லை. தவறு நம்முடையதாக இருக்கும் இடத்தில் “வருந்துகிறோம்” என்று எழுதினால், தள்ளி நின்று பார்ப்பது போல ஆகும். தவறு நம்முடையது இல்லாத இடத்தில், உதாரணமாகக் கூரியர் வண்டி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டபோது, அந்தச் சொல் சரியாகப் பொருந்தும்.

அறிகுறி: கடிதத்தில் ஆளே இல்லை

“கொண்டு செல்லப்பட்டுள்ளது”, “எடுக்கப்படும்”, “தெரிவிக்கப்படுகிறது”. பதிலில் எத்தனை இடத்தில் “படும்”, “பட்டது” வருகிறது என்று பேனாவால் சுழியுங்கள். அரசாணை படித்துப் படித்து நமக்கு இதுதான் நல்ல எழுத்துத் தமிழ் என்று பதிந்துவிட்டது. யார் கொண்டு சென்றார், யார் எடுப்பார் என்று கேட்டால் பதில் இல்லை. வாடிக்கையாளருக்கு இது மரியாதையாகப் படவே படாது, பொறுப்பேற்க யாரும் இல்லை என்றுதான் படும்.

சுழித்த ஒவ்வொன்றுக்கும் எழுவாய் கொடுங்கள். “நான் சர்வீஸ் சென்டரில் பேசினேன்.” “மெக்கானிக் வியாழக்கிழமை வருகிறார்.” சொந்தமாகச் செய்த வேலைக்கு “நான்” என்று எழுதத் தயங்க வேண்டாம். நிறுவனம் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் “நாங்கள்”. இங்கே தமிழுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது: “நாம்”. “நாம் இதை விரைவில் சரிசெய்வோம்” என்று நட்பாக எழுதுவதாக நினைத்துச் சிலர் எழுதுகிறார்கள். “நாம்” என்றால் படிக்கிறவரும் சேர்ந்துவிடுகிறார். கிரைண்டரைச் சரிசெய்ய வேண்டியது அவர் வேலை இல்லையே. தவறையும் வேலையையும் சொல்லும் இடத்தில் “நாங்கள்” மட்டும்தான்.

“தங்கள்” வேண்டுமா, “உங்கள்” போதுமா என்று கேட்பார்கள். “உங்கள்” என்பதிலேயே மரியாதை இருக்கிறது. “தங்கள்” என்று தொடங்கினால் அடுத்த சொல் தானாகவே “மேலான” என்று வரும், அதற்கடுத்து “ஒத்துழைப்பு” வரும். ஒன்று மற்றதை இழுத்து வருகிறது. அதனால் நான் முதலில் இதைத்தான் மாற்றச் சொல்வேன். அதோடு பாதி விறைப்பு இறங்கிவிடும்.

அறிகுறி: பதில் போன மறுநாளே “என்ன ஆச்சு?” என்று போன் வருகிறது

இது “விரைவில்” என்ற சொல்லின் வேலை. “உரிய நடவடிக்கை” என்பதும் அதன் கூட்டாளி. இரண்டையும் எடுத்துவிட்டு நான்கு கேள்விக்கு விடை எழுத வேண்டும்: யார், என்ன செய்வார், எப்போது, அது நடக்காவிட்டால் என்ன.

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் மொழியை மட்டும் திருத்தி இந்த நான்கையும் எழுத முடியாது. எழுந்து போய் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்ய வேண்டும். அந்த அம்மாவின் விஷயத்தில் நான் பேசியபோது தெரிந்தது இதுதான்: இரண்டு தடவையும் புகார் ‘பொது சர்வீஸ்’ என்று பதிவாகியிருந்தது. சும்மா ஓடும்போது சுற்றி, மாவு கெட்டியானதும் டிரம் நின்று, மோட்டார் ஓடிக்கொண்டே ரப்பர் வாடை வருகிறது என்றால் பெரும்பாலும் பெல்ட் வழுக்குகிறது. அவர் எழுதியதைப் படித்த யாரும் இதைச் சொல்லியிருக்கலாம். பெல்ட்டோடு ஆள் போக வேண்டும் என்று சர்வீஸ் சீட்டில் யாரும் குறிக்கவில்லை. அவசரமில்லாத வேலை என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எழுதும் பதிலில் திறமை தானாகவே வருகிறது. “நீங்கள் சொன்ன அறிகுறியைப் பார்த்தால் பெல்ட் தளர்ந்து வழுக்குவது போலத் தெரிகிறது” என்ற ஒரு வாக்கியம், பொருளைத் தெரிந்த ஒருவர் படித்திருக்கிறார் என்று காட்டிவிடும். “அதுவரை ஓட்ட வேண்டாம், பெல்ட் மேலும் கருகும்” என்ற அறிவுரை அக்கறையையும் காட்டும். அக்கறை என்று தனியே ஒரு சொல் தேவைப்படவில்லை.

தேதி தெரியாவிட்டால்? உதிரி பாகம் எப்போது வரும் என்று உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். அப்போது அடுத்த தகவல் எப்போது என்பதற்குத் தேதி கொடுங்கள்: “பாகம் எப்போது வரும் என்று நாளை மாலைக்குள் கேட்டுவிட்டு, தகவல் வந்தாலும் வராவிட்டாலும் 6 மணிக்குள் நானே போன் செய்கிறேன்.” இந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியும்.

ஆன்லைனில் விற்கும் நிறுவனங்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இரண்டு கெடு வைத்திருக்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புகை வேறு, பதில் வேறு. ஒப்புகை பொதுவாக இருக்கலாம், இரண்டு வரி போதும். பல அலுவலகங்களில் அந்த ஒப்புகையையே பதிலாக அனுப்பிவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். மேலே கண்ட கடிதம் அப்படிப் பிறந்ததுதான். அதன் பிறகுதான் வாடிக்கையாளர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தேடுகிறார்கள்.

அறிகுறி: காரணம் சொன்னோம், சாக்கு என்கிறார்கள்

“ஊழியர் பற்றாக்குறை காரணமாக” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை. காரணம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உதவும்: இனி நடக்காது என்று நம்ப வைக்க. “சீட்டில் பெல்ட் என்று குறிக்கத் தவறினோம், இப்போது குறித்துவிட்டேன்” என்பது அப்படிப்பட்ட காரணம். திருத்தத்தோடு சேராத காரணத்தை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: விவரம் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்

மெக்கானிக்குக்கு ஒரு விவரம் தேவை: எவ்வளவு உளுந்து போடுகிறார் என்று. முதலில் எழுதியவர் வரைவில் இப்படிக் கேட்டிருந்தார்: “தாங்கள் அளவுக்கு அதிகமாக உளுந்து போட்டீர்களா?” கேள்வியே குற்றச்சாட்டு. இதே விவரத்தை இப்படிக் கேட்கலாம்: “எத்தனை டம்ளர் உளுந்து போடும்போது நிற்கிறது என்று சொன்னால், மெக்கானிக் அதே அளவு போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.” எதற்காகக் கேட்கிறோம் என்பதைக் கேள்வியோடு சேர்த்துவிட்டால் போதும். அவர் நிஜமாகவே கூடுதலாகப் போட்டிருந்தாலும், வீட்டுக்கு வந்த மெக்கானிக் நேரில் காட்டிச் சொல்வது எளிது. கடிதத்தில் அதை நிரூபிக்க வேண்டாம்.

அறிகுறி: திருத்திய பிறகு தேன் வழிகிறது

குளிர்ச்சி போக வேண்டும் என்றதும் மறு எல்லைக்குப் போகிறவர்கள் உண்டு. “உங்கள் வேதனை எங்கள் நெஞ்சைப் பிழிகிறது”, “நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர்” என்று எழுதுவார்கள். குடும்பத்தில் ஒருவரை 9 மணி நேரம் வாசலில் உட்கார வைப்போமா என்று அவர் கேட்பார். சோதனை: வாக்கியத்தை அவர் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதவும் கூடாது.

இத்தனையும் சரிசெய்த பிறகு போன கடிதம், 18ஆம் தேதி புதன்கிழமை:

“வணக்கம் அம்மா. சனிக்கிழமை நாள் முழுவதும் எங்கள் ஆளுக்காகக் காத்திருந்தீர்கள், அவர் வரவில்லை. செவ்வாயும் அப்படியே ஆனது. வர முடியாது என்று தெரிந்ததும் உங்களுக்கு ஒரு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எங்கள் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பெல்ட் தளர்ந்து வழுக்குவது போலத் தெரிகிறது. எங்கள் சீட்டில் அதைக் குறிக்காமல் விட்டிருந்தோம். இப்போது குறித்து, சர்வீஸ் சென்டரிலும் நானே பேசிவிட்டேன். நாளை வியாழன் காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் மெக்கானிக் புது பெல்ட்டோடு வருகிறார். கிளம்பும் முன் உங்களுக்குப் போன் செய்வார். எத்தனை டம்ளர் உளுந்துக்கு நிற்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள், அதே அளவு போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அதுவரை கிரைண்டரை ஓட்ட வேண்டாம், பெல்ட் மேலும் கருகும்.

பெல்ட்டால் சரியாகவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு கிரைண்டர் உங்கள் வீட்டுக்கு வரும். 22ஆம் தேதி வளைகாப்புக்கு மாவு வீட்டிலேயே ஆட்டிவிடலாம். இனி நீங்கள் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, கீழே இருப்பது என் நேரடி எண்.”

அடியில் என் பெயரும் எண்ணும். பிரிவின் பெயர் இல்லை. வேறு கிரைண்டர் தருகிறோம் என்ற வரியை எழுதும் முன் மேலாளரிடம் அனுமதி வாங்கினோம், ஸ்டாக்கில் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தோம். அது முடியாதிருந்தால் அந்த வரியே இருந்திருக்காது.

இந்த வழி செல்லாத இடங்களும் உண்டு. ஷாக் அடித்தது, புகை வந்தது, காயம்பட்டது என்று புகார் இருந்தால் மன்னிப்பு முதல் வரி இல்லை. “மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், தொட வேண்டாம்” என்பதே முதல் வரி. அதுவும் கடிதத்தில் இல்லாமல் போனில். காரணம் இன்னதென்று சோதித்துப் பார்க்கும் வரை எழுத்தில் எதையும் முடிவாகச் சொல்லாமல், பொறுப்பில் உள்ள மூத்தவரிடம் உடனே கொடுத்துவிட வேண்டும். பணம் திருப்பித் தர மறுக்கும் கடிதத்திலும் “இயலாது” என்பதைப் பூவால் மூடாதீர்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே முடியாது என்று சொல்லி, எது முடியும் என்பதை உடனே அடுத்து எழுதுங்கள்.

வியாழன் 11.30 மணிக்கு நான் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். மெக்கானிக் இன்னும் முந்தின வீட்டில்தான் இருந்தார். 12 மணி தாண்டும் முன் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “12 என்று எழுதினேன், 1 மணி ஆகும் போல இருக்கிறது. காத்திருக்க முடியுமா, சாயங்காலம் வரச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “பரவாயில்லை, 1 மணிக்கே வரட்டும். சொன்னீங்களே, அது போதும்” என்றார். 12.50க்கு ஆள் போனார், பெல்ட்தான், மாற்றிவிட்டு 2 டம்ளர் உளுந்து ஓட்டிக் காட்டிவிட்டு வந்தார்.